ஒரு கோப்பையும் ஒரு இருக்கையும்: தேநீர்க் கடைகள் பேசும் இடமானது எப்படி?

தேநீர்க் கடையிலோ காபிக் கடையிலோ நாம் கொடுக்கும் காசில் இலைக்கும் கொட்டைக்கும் போவது சிறு பங்குதான். பெரும்பங்கு வாடகைக்கும் எரிபொருளுக்கும் வேலை செய்பவரின் கூலிக்கும் போய்விடுகிறது. ஒரு கோப்பை வாங்கும்போது, அதைக் குடித்து முடிக்கும்வரை அங்கே இருக்கும் உரிமையையும் சேர்த்தே வாங்குகிறோம். எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று பெரும்பாலும் யாரும் எழுதி ஒட்டுவதில்லை. கடைக்காரரும் வந்தவரும் கண்ஜாடையிலேயே முடிவு செய்துகொள்ளும் நேரம் அது. இந்தக் கடைகளில் பேச்சு வளர்ந்ததற்கும், ஒரு சின்னக் கடை நிலைப்பதற்கும் அல்லது நொடிப்பதற்கும் அந்த எழுதப்படாத நேரமே முதல் காரணம் என்பது என் கருத்து.

முதலில் பழைய கதையைப் பார்க்கலாம். ஒட்டோமான் வரலாற்றாசிரியர் இப்ராஹிம் பெச்செவியின் குறிப்பின்படி, 1550களின் நடுவில் அலெப்போவிலிருந்து ஒருவரும் டமாஸ்கஸிலிருந்து ஒருவரும் இஸ்தான்புல்லுக்கு வந்து, தஹ்தகலே பகுதியில் ஆளுக்கொரு காபிக் கடை திறந்தார்கள். படித்தவர்களும், பதவிக்காகக் காத்திருந்தவர்களும், வேலை முடிந்து ஓய்வு தேடியவர்களும் அங்கே கூடினார்கள். சிலர் புத்தகம் படித்தார்கள், சிலர் சதுரங்கம் ஆடினார்கள், சிலர் புதிதாக எழுதிய கவிதையைக் கொண்டுவந்து அலசினார்கள். பெச்செவி கூடவே இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறார்: நண்பர்களைக் கூட்டி விருந்து வைக்கப் பெரும் செலவு செய்துகொண்டிருந்தவர்கள், ஒன்றிரண்டு காசுக்குக் காபி வாங்கி அதே மகிழ்ச்சியை அடைந்தார்கள் என்கிறார்.

அந்த ஒரு குறிப்பில் விஷயம் பெரும்பாலும் வந்துவிடுகிறது. வீட்டில் ஒருவரைச் சந்திப்பதென்றால் ஒருவர் விருந்தளிப்பவர், மற்றவர் விருந்தாளி. அளிப்பவர் தயார் செய்ய வேண்டும், வீட்டாரைத் தொந்தரவு செய்ய வேண்டும், வந்தவர் எழும்வரை தாமும் எழ முடியாது. வந்தவருக்கோ பதிலுக்கு ஒருநாள் அழைக்க வேண்டிய கடன் ஏறுகிறது. அதனால் நன்றாகத் தெரிந்தவர்களை மட்டும்தான் வீட்டுக்கு அழைப்பார்கள். கடையில் அந்தக் கடன் இல்லை. அவரவர் கோப்பைக்கு அவரவர் காசு, அல்லது இன்று ஒருவர், நாளை மற்றவர். இடத்தைக் கொடுப்பது மூன்றாவது ஆள். பேச்சு பிடித்தால் இன்னொரு கோப்பை சொல்லலாம், பிடிக்காவிட்டால் இருப்பதைக் குடித்துவிட்டு எழுந்து போகலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எழுந்து போகும் வழி இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் அறிமுகமில்லாத ஒருவரிடமும் துணிந்து பேச்சுக் கொடுக்க முடிகிறது.

பானத்தின் தன்மையும் இதற்குக் கைகொடுத்தது. சூடாக இருப்பதால் ஒரே மடக்கில் குடித்துவிட முடியாது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும், உறிஞ்ச வேண்டும், நடுவில் வாய் சும்மாதான் இருக்கும். மது அருந்தும் இடத்தில் நேரம் ஆக ஆகப் பேச்சு குழறும், சில சமயம் கைகலப்பில் முடியும். தேநீரிலும் காபியிலும் உள்ள காஃபீன் நேர்மாறாக வேலை செய்கிறது. குடித்த முக்கால் மணி நேரத்துக்குள் பெரும்பகுதி ரத்தத்தில் கலந்து, தூக்கத்தைத் தள்ளிவைத்து, கவனத்தைக் கூட்டுகிறது. கணக்கு வழக்கு பேசலாம், ஒப்பந்தம் போடலாம், பிறகு நேராக வேலைக்குத் திரும்பலாம். இரவில் வெளியே போய் உட்கார மதுக்கடையைத் தவிர வேறு இடம் இல்லாத ஊர்களில், மரியாதை கெடாமல் போக ஓர் இடம் கிடைத்தது என்பது பெரிய மாற்றம்.

ஆட்சியாளர்களுக்கு இது சீக்கிரமே புரிந்தது. 1511இல் மெக்காவின் அதிகாரியாக இருந்த கைர் பேக் காபியைத் தடை செய்தார். கெய்ரோவிலிருந்த மேலிடம் அந்தத் தடையை ஏற்கவில்லை. 1633இல் சுல்தான் நான்காம் முராத் இஸ்தான்புல்லின் காபிக் கடைகளை மூடச் சொன்னார். 1675 டிசம்பர் 29ஆம் தேதி இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், காபிக் கடைகளில் அரசைப் பற்றிப் பொய்யும் அவதூறும் பரவுகின்றன என்று சொல்லி, ஜனவரி 10 முதல் எல்லாக் கடைகளையும் மூட ஆணையிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும், அந்த நாள் வருவதற்கு முன்பே, ஜனவரி 8ஆம் தேதி ஆணை திரும்பப் பெறப்பட்டது. மூன்று தடைகளுக்கும் சொல்லப்பட்ட காரணங்கள் வேறு வேறு. ஆனால் தங்கள் கண்காணிப்புக்கு அப்பால் ஜனங்கள் கூடிப் பேசுவது என்ற கவலை மூன்றிலுமே இருந்தது.

லண்டனில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு கடை எப்படிப் பேசும் இடமாகிறது, பிறகு அந்தத் தன்மையை எப்படி இழக்கிறது என்று இரண்டுமே அங்கே தெளிவாகத் தெரிகின்றன. 1652இல் பாஸ்குவா ரோசே என்பவர் கார்ன்ஹில் பகுதியின் ஒரு சந்தில் கடை போட்டார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அத்தகைய கடைகள் நகரமெங்கும் பெருகின. ஒரு பென்னி கொடுத்தால் உள்ளே போகலாம். காபி கிடைக்கும், கிடக்கும் செய்தித்தாளைப் படிக்கலாம், போகச் சொல்ல ஆள் இல்லை. முக்கியமான இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பல கடைகளில் நீளமான பொது மேசைதான். 1674இல் அச்சிட்டு வெளியிடப்பட்ட ஒரு விதிப் பட்டியலே இதைச் செய்யுளாகச் சொல்கிறது: பிரபுவானாலும் வியாபாரியானாலும் வந்தவர் காலியாக உள்ள அடுத்த இடத்தில் உட்கார வேண்டும், தம்மைவிடப் பெரிய ஆள் வந்தாலும் எழுந்து இடம்விடத் தேவையில்லை.

எங்கே உட்காருவது என்று நாம் தேர்ந்தெடுத்தால், தெரிந்தவர் பக்கத்திலோ சுவரோரமாகவோதான் போவோம். இடம் தானாக அமையும்போது, பக்கத்தில் யார் என்பதும் தானாக அமைகிறது. செய்தித்தாள் ஒன்றுதான் இருந்தால் ஒருவர் படித்துச் சொல்ல, மற்றவர் கேட்க வேண்டியிருந்தது. பேச்சு தொடங்க இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. எல்லோரும் சமம் என்று அந்தச் செய்யுள் சொன்னாலும், அந்த மேசையில் பெண்கள் வாடிக்கையாளராக உட்காருவது அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடையை நடத்தியவர்களிலும் பரிமாறியவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். பேச்சில் பங்குகொள்ளும் இடம் அவர்களுக்கு இல்லை.

ஒவ்வொரு கடைக்கும் மெல்ல ஒரு பொருள் சேர்ந்தது. எட்வர்ட் லாய்ட் 1680களில் டவர் தெருவில் ஒரு கடை வைத்திருந்தார். துறைமுகம் பக்கம் என்பதால் மாலுமிகளும் கப்பல் முதலாளிகளும் வந்தார்கள். எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்ற தகவல் அங்கே கிடைத்ததால், கப்பலுக்குக் காப்புறுதி கொடுப்பவர்களும் அங்கேயே உட்காரத் தொடங்கினார்கள். 1691இல் லொம்பார்ட் தெருவுக்கு மாறியபோது அவர்களும் கூடவே வந்தார்கள். பங்குத் தரகர்களுக்கு ஜொனாதன் கடை அப்படி அமைந்தது.

அப்புறம்தான் சிக்கல் தொடங்கியது. தினமும் வருபவர்களுக்குப் புதியவர்கள் இடைஞ்சலாகத் தெரிந்தார்கள். 1761இல் 150 தரகர்கள் சேர்ந்து ஜொனாதன் கடையைத் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளக் கட்டணம் கட்ட ஏற்பாடு செய்தார்கள். வெளியே தள்ளப்பட்ட ஒருவர் நீதிமன்றம் போய் வென்றார். அதன்பின் தரகர்கள் 1773இல் தனிக் கட்டடத்துக்கே போய்விட்டார்கள். லாய்டின் காப்புறுதியாளர்கள் 1774இல் ராயல் எக்ஸ்சேஞ்சில் அறை எடுத்தார்கள். 1693இல் சாக்லேட் பானக் கடையாகத் தொடங்கிய வைட்ஸ், உறுப்பினர் மட்டும் நுழையும் சங்கமாக மாறியது. காபிக் கடைகள் குறைந்ததற்கு வீடுகளில் தேநீர் பரவியது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்த மூன்று இடங்களிலும் கடையைக் கடையாக இருக்கவிடாமல் செய்தவர்கள், அதை மிகவும் விரும்பிய வாடிக்கையாளர்களே. சின்னக் கடைகளுக்கும் இதே ஆபத்து இருப்பதால் பின்னால் இதற்குத் திரும்பவும் வருகிறேன்.

சீனாவின் செங்டு நகரில் அந்த எழுதப்படாத நேரத்தை வேறு விதமாகக் கையாண்டார்கள். அங்கே தேநீரை மூடியும் தட்டும் உள்ள கிண்ணத்தில், இலையோடு சேர்த்தே தருவார்கள். குடிக்கக் குடிக்கப் பணியாள் வந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார், அதற்குத் தனிக் காசு இல்லை. ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்காரலாம். அக்கம்பக்கத்தார் தங்கள் தகராறைத் தேநீர்க் கடைக்குக் கொண்டுவந்து, பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசித் தீர்ப்பதும் வழக்கமாக இருந்தது. தோற்றவர் எல்லோருடைய தேநீருக்கும் காசு கொடுக்க வேண்டும். இப்படி நேரத்தை அள்ளிக் கொடுத்த கடைகள் எப்படிப் பிழைத்தன? கிண்ணம் மட்டும் அவற்றின் வருமானம் இல்லை. எரிபொருள் விலையேறிய நகரில், பக்கத்து வீடுகளுக்கு வெந்நீர் விற்றார்கள். முடிதிருத்துபவர், காது சுத்தம் செய்பவர், கதை சொல்பவர் என்று பலருக்கும் கடை வேலைக்களமாக இருந்தது, அவர்களைத் தேடியும் ஆட்கள் வந்தார்கள். அந்தத் தெருவுக்குத் தினமும் தேவைப்படும் ஏதோ ஒன்று அந்தக் கடையில்தான் கிடைத்தது.

இன்றைய சின்னக் கடைக்கு வருவோம். ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருபவரைப் பார்த்தால் கடைக்காரருக்கு உள்ளூர ஒரு கவலை வருவது இயல்பு. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறாரே, இவர் எழுந்தால் ஐந்து பேர் குடித்துவிட்டுப் போவார்களே என்று தோன்றும். அந்தக் கவலை சரிதானா என்று ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

வரிசைகளைப் பற்றிய எளிய விதி ஒன்று உண்டு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் அதை நிறுவினார். ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால், ஒரு மணி நேரத்துக்கு வருபவர் எண்ணிக்கையை, ஒருவர் சராசரியாகத் தங்கும் நேரத்தால் (மணிக்கணக்கில்) பெருக்கினால் போதும். இதைக் கற்பனையாக ஒரு கடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். 12 இருக்கைகள் உள்ள கடை. மணிக்கு 30 பேர் வருகிறார்கள். அதில் 24 பேர் ஆறு நிமிடத்தில் குடித்துவிட்டுப் போகிறவர்கள், 6 பேர் ஒரு மணி நேரம் இருப்பவர்கள். அவசரக்காரர்கள் 24 பேரும் சேர்ந்து சராசரியாக 2.4 இருக்கைகளை எடுத்துக்கொள்வார்கள். உட்காருபவர்கள் 6 இருக்கைகளை எடுத்துக்கொள்வார்கள். மொத்தம் 8.4. பன்னிரண்டில் மூன்றரைக்கும் மேல் காலியாகவே இருக்கும். அதாவது உட்காருபவர்களால் கடைக்கு ஒரு வியாபாரமும் போகவில்லை. அவர்கள் எழுந்து போயிருந்தாலும் அந்த இருக்கையில் உட்கார ஆள் இல்லை.

இப்போது அதே 30 பேரில் 12 பேர் ஒரு மணி நேரம் இருப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவசரக்காரர்கள் 18 பேருக்கு 1.8 இருக்கை, மற்றவர்களுக்கு 12. மொத்தம் 13.8. கடையில் இருப்பதோ 12. வருபவர் எண்ணிக்கை மாறவே இல்லை, ஆனால் இப்போது வாசலில் ஆள் நிற்கிறது. அவசரத்தில் வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். கடை நிரம்பி வழிவதுபோல் தெரியும், கல்லாவில் மட்டும் குறையும். கடைக்காரருக்குக் குழப்பம் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

இங்கே பலரும் செய்வது, உட்காருபவரை விரட்டுவது. காலிக் கோப்பையை உடனே எடுப்பது, மேசையை இரண்டு முறை துடைப்பது, "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்பது. இருக்கையையே வசதியில்லாததாக மாற்றுகிறவர்களும் உண்டு. கணக்கைப் பார்த்தால் இது தேவையில்லை. அவசரக்காரர்கள் 18 பேருக்கு உட்காரவே அவசியமில்லை. சுவரோரம் மார்பளவு உயரத்தில் ஒரு பலகை அடித்து, அங்கே நின்றபடி குடிக்க வசதி செய்தால், அந்த 1.8 இருக்கைகளும் விடுபடும். அப்போது உட்காருபவர்கள் 12 பேருக்கு 12 இருக்கை, சராசரிக்குச் சரியாக இருக்கும். ஆனால் சராசரி என்பதால் சில சமயம் 14 பேர் இருப்பார்கள், சில சமயம் 10 பேர். அந்த ஏற்றத்துக்கு இன்னும் இரண்டு மூன்று ஸ்டூல் போட்டால் சமாளிக்கலாம். நிற்பவரிடம் பணம் வாங்கும் இடமும் கோப்பை கொடுக்கும் இடமும் வாசலுக்கு அருகிலேயே இருந்தால், அவர் உள்ளே நடந்துவந்து உட்காருபவரின் முழங்கையை இடிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நெருக்கடி நாள் முழுக்க இருப்பதில்லை. வேலைக்குப் போகும் நேரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம், வேலை முடியும் நேரத்தில் இன்னும் கொஞ்சம். இடைப்பட்ட வெறிச்சோடிய நேரத்தில் உட்காருபவரால் இழப்பு எதுவும் இல்லை, லாபம் உண்டு. ஆள் இல்லாத கடைக்குள் முதல் ஆளாக நுழையப் பலருக்குத் தயக்கம். நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கும் கடைக்குள் ஐந்தாவது ஆள் யோசிக்காமல் வருவார். அதனால் கடைக்காரர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த நிமிடத்தில் யாராவது இடமில்லாமல் நிற்கிறார்களா? இல்லையென்றால் யாரையும் எழுப்பத் தேவையில்லை. நிற்கிறார்கள் என்றால், "கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க, இவரும் உட்காரட்டும்" என்று சொன்னாலே பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். பழைய நீள மேசை செய்த வேலையும் அதுதானே.

இடம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் காதில் விழாவிட்டால் பேச்சு நடக்காது. கடையை அழகுபடுத்துபவர்கள் அதிகம் தவறவிடுவது ஒலியைத்தான். சாதாரணமாக ஒருவர் பேசுவது ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல் இருக்கும். சுற்றியுள்ள சத்தம் அந்த அளவை நெருங்கும்போது நம்மை அறியாமலேயே குரலை உயர்த்துகிறோம். எதியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதை எடுத்துச் சொன்னதால், இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு மேசைக்காரர் குரலை உயர்த்தினால் அது அடுத்த மேசைக்கு இரைச்சல், அவரும் உயர்த்துவார். இப்படி ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். அல்லது பேசுவதை விட்டுவிட்டுக் கைபேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

பளபளப்பான தரை, கண்ணாடிச் சுவர், வெறும் கான்கிரீட் கூரை மூன்றும் சேர்ந்த இடத்தில் இது சீக்கிரம் நடக்கும். ஒலி எதிலும் உறிஞ்சப்படாமல் திரும்பத் திரும்ப அடிக்கிறது. அழுக்கு படிந்த பழைய கடையைப் புதுப்பித்ததும், "என்னமோ முன்ன மாதிரி இல்ல" என்று வழக்கமானவர்கள் சொல்வார்கள். அவர்களால் காரணம் சொல்ல முடியாது. பாதி நேரம் அந்தக் காரணம் கூரையில் இருக்கும். கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கூட்ட நேரத்தில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இயல்பான குரலில் பேசிப் பார்க்க வேண்டும். ஒருவர் முன்னால் சாய வேண்டியிருந்தாலோ, "என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தாலோ இடம் கெட்டுவிட்டது என்று பொருள். கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை, சுவரில் துணி அல்லது புத்தக அலமாரி, அரைக்கும் இயந்திரத்தின் அடியில் ரப்பர் விரிப்பு, பாட்டின் ஒலியைப் பேச்சுக்குக் கீழே வைப்பது ஆகியவை பெரும் செலவில்லாத வழிகள். பாட்டுப் பெட்டியை மட்டும் குறைத்தாலே பல கடைகளில் வித்தியாசம் தெரியும்.

சுவையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சின்னக் கடையில் ஆட்கள் எதிர்பார்ப்பது தினமும் ஒரே மாதிரியான கோப்பை, அதுவே உலகத்தில் சிறந்த கோப்பையாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது கெடுவது, போட்டுவைத்த பானத்தை அடுப்பிலேயே விடுவதால்தான். கறுப்புத் தேயிலையைக் கொதிநீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டினால் போதும். இலையோடு சூட்டிலேயே கிடந்தால் கசப்பும் துவர்ப்பும் ஏறிக்கொண்டே போகும். காபியும் சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மணம் போய்ப் புளிப்பும் கசப்பும் மிஞ்சும். கூட்டம் குறையும் நேரத்தில் பழையதைத் தீர்க்கலாம் என்று தோன்றும். உட்கார்ந்து பேச வருபவர் வருவதும் அந்த நேரத்தில்தான். அதனால் வெறிச்சோடிய நேரத்தில் சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே சரி.

இனி ஆட்கள். கில்லியன் சான்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காபிக் கடைக்குள் நுழைபவர்களில் சிலரிடம், கல்லாவில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மற்றவர்களிடம், முடிந்தவரை வேகமாக வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். பேசியவர்கள் வெளியே வரும்போது கூடுதல் மகிழ்ச்சியாகவும், தாங்களும் ஓர் ஊரைச் சேர்ந்தவர்கள் என்ற உணர்வோடும் இருந்தார்கள். மிகச் சுருக்கமான பேச்சுதான் அது. நெருங்கிய உறவு இல்லாதவரிடம் பேசுவதாலும் ஏதோ ஒன்று கிடைக்கிறது.

இதை வைத்து, வாடிக்கையாளரிடம் நிறையப் பேச வேண்டும் என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். நல்ல கடைக்காரர்கள் பலரும் குறைவாகவே பேசுவார்கள். வந்தவர் என்ன குடிப்பார் என்று நினைவில் வைத்திருப்பார்கள், ஆனால் இன்று வேறு ஏதாவது கேட்பாரோ என்று ஒரு கணம் காத்திருப்பார்கள். நான்கு நாள் வராதவர் வந்தால், "ஆளைக் காணோமே" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எங்கே போனீர்கள் என்று துருவ மாட்டார்கள். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். அதைவிட முக்கியம், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமல் இருப்பது. வேலை போனது, வீட்டில் சண்டை, மருத்துவமனை என்று எல்லாமே அந்தக் கல்லாவின் முன் பேசப்படுகின்றன. ஒரே ஒருமுறை ஒரு செய்தி கடைக்காரர் வாய் வழியாகக் கசிந்தது தெரிந்தால் போதும். அந்தக் கடைக்கு ஆட்கள் தொடர்ந்து வருவார்கள், குடிப்பார்கள், ஆனால் பேச்சு வானிலையைத் தாண்டாது.

லண்டனில் நடந்த தவறும் இங்கே சின்ன அளவில் திரும்ப நடக்கும். ஒரு கடை விரும்பப்பட்டால் அங்கே ஒரு வட்டம் உருவாகும். ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே ஆட்கள். அவர்கள்தான் மழை நாளிலும் வருவார்கள், கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் உதவுவார்கள். அதே வட்டம் மெல்ல மெல்லக் கடையைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். புதியவர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோகும், எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். காலி நாற்காலியின் மேல் ஒரு பை இருக்கும், யாரும் அதை எடுக்க மாட்டார்கள். அவர் நின்றபடியே குடித்துவிட்டுப் போவார், மறுமுறை வரமாட்டார். பெண்கள், இளவயதினர், ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் இதை முதலில் உணர்வார்கள். வட்டத்தில் இருப்பவர்களுக்கோ கடை அன்பாக இருப்பதாகவே தோன்றும். அவர்களில் சிலர் ஊர் மாறுவார்கள், சிலருக்கு வயதாகும். அந்த நாற்காலிகளில் உட்கார அடுத்த ஆள் தயாராகி இருக்க மாட்டார். கடை நொடிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது தொடங்கியிருக்கும்.

கடைக்காரரால் இதைப் பார்க்க முடியும், ஏனென்றால் கல்லாவிலிருந்து வாசலும் மேசைகளும் தெரிகின்றன. ஒரு மாதத்தில் முதன்முறையாக வந்தவர்களில் யாராவது இரண்டாம் முறை வந்தார்களா, வந்தவர் உட்கார்ந்தாரா, உட்கார்ந்தவரிடம் கடைக்காரரைத் தவிர வேறு யாராவது பேசினார்களா என்று கவனித்தால் போதும். முதல் இரண்டும் நடந்து மூன்றாவது நடக்கவில்லை என்றால், வழியைத் திறக்க வேண்டியவர் கடைக்காரர்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல்களை எந்த வட்டத்துக்கும் சேராததாக வைத்திருந்தால், புதியவர் முதலில் அங்கே உட்காருவார். வழக்கமானவர் ஒருவரிடம் கடைக்காரர் ஏதாவது பேசிவிட்டு, அதே பேச்சில் ஸ்டூலில் இருப்பவரையும் ஒரு கேள்வியால் இழுக்கலாம். பதில் ஒற்றைச் சொல்லாக வந்தால் அவரைத் தனியே விட்டுவிட வேண்டும், சும்மா உட்காரவும் அவர் காசு கொடுத்திருக்கிறார். பதில் நீண்டால், கடைக்காரர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்ளலாம்.